சராசரி, திட்டவிலக்கம், ஒரு கீழ் எல்லை: அளவீட்டு முறை மாதிரி ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்கிறது. நைலான் கயிற்றுத் துண்டுகள் தொகுதி தொகுதியாக வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு துண்டும் குறைந்தது 800 நியூட்டன் விசையைத் தாங்கிய பிறகே அறுபட வேண்டும் என்பது ஒப்பந்தம். சோதித்த துண்டு அறுந்துபோகும், அதை மறுபடி விற்க முடியாது. எனவே சிலவற்றை மட்டும் இழுத்துப் பார்த்து முழுத் தொகுதியைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்கு நடைமுறையில் செய்வதுதான்.

இந்த முறையில் உண்மையில் என்னதான் செய்கிறோம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தொகுதியிலிருந்து தற்செயல் முறையில் n துண்டுகளை எடுக்கிறோம். ஒவ்வொன்றும் எத்தனை நியூட்டனில் அறுந்தது என்று குறித்துக்கொள்கிறோம். அந்த அளவீடுகளின் சராசரி x̄, திட்டவிலக்கம் s இரண்டையும் கணக்கிடுகிறோம். பிறகு ஒரே ஒரு வகுத்தல்:

```
Q = (x̄ − L) / s
Q ≥ k  என்றால் தொகுதி ஏற்பு
Q < k  என்றால் மறுப்பு
```

L என்பது கீழ் எல்லை, இங்கே 800. k என்பது சோதனைக்கு முன்பே முடிவுசெய்து எழுதிவைத்த ஏற்பு மாறிலி. சராசரியானது எல்லையிலிருந்து எத்தனை திட்டவிலக்கத் தூரம் தள்ளி நிற்கிறது என்பதையே Q சொல்கிறது. தூரம் கூடக் கூட எல்லைக்குக் கீழே விழும் துண்டுகளின் விகிதம் குறையும். மேல் எல்லை மட்டும் உள்ள பொருளானால் Q = (U − x̄)/s என்று திருப்பிப்போட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே.

இதையே x̄ − k·s ≥ L என்றும் எழுதலாம். ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பிடித்த வடிவம் இதுதான். விடை நியூட்டனிலேயே கிடைப்பதால், எல்லையை எவ்வளவு மிச்சத்தில் தாண்டினோம் என்பது பார்த்தவுடன் தெரியும்.

ஒவ்வொரு துண்டும் 800-ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்து, தேறாதவற்றை எண்ணினால் போதாதா?

போதும். ஆனால் அதற்கு அதிகத் துண்டுகளை அறுக்க வேண்டியிருக்கும். 801-இல் அறுந்த துண்டும் 930-இல் அறுந்த துண்டும் எண்ணிக்கை முறையில் ஒரே "தேறியது"தான். முதலாவது எல்லையை உரசிக்கொண்டு போனது, இரண்டாவது வெகு தூரத்தில் இருந்தது என்ற தகவலை நாமே தூக்கி எறிகிறோம். அளவீட்டு முறை அந்தத் தகவலைப் பயன்படுத்திக்கொள்கிறது. மாதிரி குறைவதற்கு அதுவே காரணம்.

நம் எடுத்துக்காட்டில் இரண்டு தேவைகள் உள்ளன. 1 சதவீதம் மட்டுமே தேறாத தொகுதி வந்தால் 95 சதவீத வாய்ப்பில் அது ஏற்கப்பட வேண்டும். 8 சதவீதம் தேறாத தொகுதி வந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு 10 சதவீத அளவிலேயே நிற்க வேண்டும். எண்ணிக்கை முறையில் இதற்கு 67 துண்டுகளை அறுத்து, அதிகபட்சம் 2 தேறாதவை வரை அனுமதிக்கும் திட்டம் தேவைப்படுகிறது. அளவீட்டு முறையில் 27 துண்டுகள் போதும், k = 1.81.

மிச்சமாகும் 40 துண்டுகளுக்கு ஒரு விலை உண்டு. அளவீடுகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகின்றன என்ற அனுமானமே அது. எண்ணிக்கை முறைக்கு அந்த அனுமானம் தேவையில்லை. சோதனை மலிவானது, பொருளும் அழியாது என்றால் நான் எண்ணிக்கை முறையையே தேர்ந்தெடுப்பேன்.

27, 1.81 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன?

மேலே சொன்ன இரண்டு தேவைகளிலிருந்துதான். நான்கு சதவீதங்களையும் இயல்நிலை அட்டவணையில் பார்த்து z மதிப்புகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். 1 சதவீதத்துக்கு z1 = 2.326. 8 சதவீதத்துக்கு z2 = 1.405. நல்ல தொகுதியைத் தவறாக மறுக்கும் 5 சதவீத அபாயத்துக்கு zα = 1.645. மோசமான தொகுதியைத் தவறாக ஏற்கும் 10 சதவீத அபாயத்துக்கு zβ = 1.282.

```
k = (z2·zα + z1·zβ) / (zα + zβ)
n = (1 + k²/2) · ((zα + zβ) / (z1 − z2))²
```

முதல் வரியில் இட்டால் k = 1.81 வருகிறது. இரண்டாவது வரியில் வலப்பக்க வர்க்கம் 10.1, அடைப்புக்குறிக்குள் உள்ள பெருக்கி 2.64. இரண்டையும் பெருக்கினால் 26.6, மேல்நோக்கி முழுமையாக்கினால் 27.

அந்தப் பெருக்கியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தொகுதியின் உண்மையான திட்டவிலக்கம் முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்திருந்தால் பெருக்கி 1 ஆகிவிடும், 11 துண்டுகளே போதும். தெரியாததால் 27 துண்டுகளிலிருந்தே அதையும் மதிப்பிடுகிறோம். அந்த மதிப்பீடும் தள்ளாடும், அந்தத் தள்ளாட்டத்தை ஈடுகட்டவே கூடுதலான 16 துண்டுகள். k பெரிதாகும்போது, அதாவது தேவை கடுமையாகும்போது, பெருக்கி k-இன் வர்க்கத்தோடு சேர்ந்து வளர்கிறது. பரவலின் நுனியைப் பற்றிப் பேச வேண்டுமானால் சிதறலைத் துல்லியமாக அறிந்தாக வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்தச் சூத்திரம் தோராயமானது என்று படித்தேன். எவ்வளவு தவறும்?

கொஞ்சம்தான். ஏற்கப்படும் வாய்ப்பைத் துல்லியமாகக் கணக்கிட மையம் விலகிய t பரவல் வேண்டும். பைத்தானில் சில வரிகளில் முடிந்துவிடும்:

```python
from math import sqrt
from scipy.stats import nct, norm

n, k = 27, 1.81
for p in (0.01, 0.02, 0.035, 0.05, 0.08):
    pa = nct.sf(k*sqrt(n), n-1, norm.isf(p)*sqrt(n))
    print(p, round(pa, 2))
```

இதன்படி 1 சதவீதம் தேறாத தொகுதி 95 சதவீத வாய்ப்பில் ஏற்கப்படும். 2 சதவீதம் என்றால் ஏறத்தாழ 80, 3.5 சதவீதம் என்றால் பாதிக்குச் சற்று மேல், 5 சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, 8 சதவீதம் என்றால் ஏறத்தாழ 11. கடைசி எண் நாம் கேட்ட 10-ஐச் சற்றே மீறுகிறது. ஒப்பந்தம் அந்த 10-ஐக் கறாராகக் கேட்டால் ஒன்றிரண்டு துண்டுகளைக் கூட்டி, k-ஐயும் சிறிது உயர்த்தி, இதே நிரலை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

இந்த வரிசையில் நடுவிலுள்ள எண்களே பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. 3.5 சதவீதம் தேறாத சரக்கு தொடர்ந்து வந்தால் தொகுதிகளில் ஏறக்குறைய பாதி ஏற்கப்படும், பாதி திரும்பும். தரம் மாறவே இல்லை, தீர்ப்பு மட்டும் மாறி மாறி வருகிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த இடைப்பட்ட பகுதியில்தான் பிறக்கிறது. சண்டை வேண்டாம் என்றால் 1 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறுக்க வேண்டும். அதற்கு மாதிரி பெருக வேண்டும், வேறு வழி கிடையாது.

ஒரு தொகுதியை எடுத்து முழுக்கணக்கையும் காட்ட முடியுமா?

இரண்டு தொகுதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் தொகுதியில் 27 துண்டுகளின் சராசரி 861 நியூட்டன், திட்டவிலக்கம் 29.4. Q = (861 − 800)/29.4 = 61/29.4 = 2.07. இது 1.81-ஐ விடப் பெரியது, தொகுதி ஏற்பு. இன்னொரு வடிவில், 861 − 1.81 × 29.4 = 807.8. எல்லைக்கு ஏறத்தாழ 8 நியூட்டன் மேலே நிற்கிறோம்.

இரண்டாவது தொகுதியின் சராசரி 878. முதலாவதை விட 17 நியூட்டன் வலிமை கூடியது. 27 துண்டுகளில் மிகவும் பலவீனமானதுகூட 803-இல்தான் அறுந்தது, எனவே 800-க்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் திட்டவிலக்கம் 46.3. Q = 78/46.3 = 1.68. தொகுதி மறுப்பு.

எல்லாத் துண்டும் தேறியிருக்கும்போது தொகுதியை எப்படி மறுக்கலாம்? விற்பவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

நியாயமான கோபம். விற்பவரிடம் பேச வேண்டிய விதம் இதுதான். நாம் கேட்ட கேள்வி "இந்த 27 துண்டுகள் நல்லவையா" என்பதல்ல, அவை ஏற்கெனவே அறுந்து குப்பைக்குப் போய்விட்டன. கேள்வி, மீதமுள்ள துண்டுகளில் எத்தனை பங்கு 800-க்குக் கீழே இருக்கும் என்பது. சராசரி 878-ஆகவும் சிதறல் 46.3-ஆகவும் இருக்கும் இயல்நிலைப் பரவலில் 800-க்குக் கீழே ஏறத்தாழ 4.6 சதவீதம் விழும். அப்படிப்பட்ட சரக்கிலிருந்து 27 துண்டுகளை எடுத்தால் தேறாதது ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போவதற்கு ஏறத்தாழ 28 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒரு முறைக்கும் அதிகமாக நடக்கக்கூடிய ஒன்றை நல்ல தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மறுப்பை எழுதி அனுப்பும்போது "தேறாத துண்டுகள் கிடைத்தன" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அது பொய், விற்பவர் உடனே பிடித்துக்கொள்வார். "சிதறல் அதிகம், Q = 1.68, தேவை 1.81" என்று எழுதுங்கள். அவர் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

சரி, இரண்டாவது தொகுதியில் சிதறல் ஏன் அவ்வளவு கூடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

Q என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடாமல் 27 அளவீடுகளையும் ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் புள்ளிகள் இரண்டு கும்பலாகப் பிரிகின்றன. 14 புள்ளிகள் 842-ஐச் சுற்றி, 13 புள்ளிகள் 917-ஐச் சுற்றி. ஒவ்வொரு கும்பலுக்குள்ளும் திட்டவிலக்கம் 27 அளவில்தான். துண்டுகளின் சுருள் எண்ணைத் தேடிப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு முறுக்கு இயந்திரங்களிலிருந்து வந்தவை என்று தெரியவரும். இரண்டையும் கலந்து ஒரே தொகுதி என்று அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது கதை மாறுகிறது. 917-இல் நிற்கும் இயந்திரத்தின் துண்டுகள் எல்லையிலிருந்து நான்கு திட்டவிலக்கத்துக்கும் மேலாகத் தள்ளி இருக்கின்றன, அதில் தேறாதது ஏறக்குறைய இல்லை. 842-இல் நிற்கும் இயந்திரத்துக்கு 42/27 = 1.56 தான். ஏறத்தாழ 6 சதவீதம் கீழே விழும். இரண்டையும் சேர்த்தால் மொத்தத்தில் 3 சதவீத அளவு. ஒரே இயல்நிலைப் பரவல் என்று எண்ணிக்கொண்டு நாம் போட்ட 4.6 சதவீதம் சற்று மிகையான மதிப்பீடு.

மறுப்பு இன்னமும் நியாயமானதே. ஆனால் அதற்கான காரணமும் பரிகாரமும் இப்போது துலங்கிவிட்டன. சுருள் எண்ணை வைத்துத் தொகுதியை இரண்டாகப் பிரிக்கச் சொல்லலாம். அப்படிப் பிரித்த பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் புதிதாக 27 துண்டுகளை எடுத்தே சோதிக்க வேண்டும். கையில் உள்ள 13 அளவீடுகளை மட்டும் வெட்டியெடுத்து "இது தேறிவிட்டது" என்று சொல்லக்கூடாது. 13 துண்டுகளுக்கு 1.81 என்ற மாறிலி பொருந்தாது. விடையைப் பார்த்துவிட்டுப் பிரித்ததால் அந்த 13-உம் இனி நடுநிலையான மாதிரி ஆகாது.

விரிதாளில் திட்டவிலக்கத்துக்கு இரண்டு சூத்திரங்கள் இருக்கின்றன. எதைப் போடுவது?

`STDEV.S`. அது n − 1 ஆல் வகுக்கிறது, ஏற்பு மாறிலிகள் எல்லாம் அதற்காகவே கணக்கிடப்பட்டவை. `STDEV.P` என்பது n ஆல் வகுப்பதால் s சற்றுச் சிறுத்துவிடும். 27 துண்டுகளில் வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனாலும் விளிம்பில் நிற்கும் தொகுதியில் தீர்ப்பையே மாற்றிவிடும். சராசரி 861, சரியான s = 34.0 என்று வையுங்கள். 61/34.0 = 1.79, மறுப்பு. தவறான சூத்திரத்தில் s = 33.4, Q = 1.83, ஏற்பு.

27 அளவீடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட மிகவும் உயரமாக இருந்தது. உயர்ந்த வலிமை நல்லதுதானே, அதனால் ஏன் தொகுதி மறுக்கப்பட்டது?

இந்த முறையின் மிக விநோதமான குணம் இது. முதல் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். அதில் 860 என்ற அளவீட்டை யாரோ 1160 என்று பதிந்துவிட்டார்கள். சராசரி 872-க்கு ஏறுகிறது, இது நமக்குச் சாதகம். ஆனால் திட்டவிலக்கம் 29.4-இலிருந்து 64.6-க்குத் தாவிவிடுகிறது. Q = 72/64.6 = 1.11. தெளிவாக ஏற்க வேண்டிய தொகுதி தெளிவாக மறுக்கப்படுகிறது.

திட்டவிலக்கத்துக்குத் திசை தெரியாது. மேலே போன விலகலையும் கீழே போன விலகலையும் ஒரே மாதிரி வர்க்கமாக்கிக் கூட்டிவிடும். மேல்பக்கம் நீண்டு கிடப்பதால் கீழ்ப்பக்கமும் அப்படியே நீண்டு கிடக்கும் என்று இயல்நிலைப் பரவலின் சமச்சீர்த்தன்மையை நம்பித் தீர்ப்பு சொல்கிறது.

அதற்காகப் பிடிக்காத எண்ணை அழித்துவிட முடியாது. காரணத்தைத் தேடுங்கள்: பதிவுத் தவறா, பிடிப்பில் துண்டு இரட்டையாக மாட்டிக்கொண்டதா, வேறு தடிமனுள்ள கயிறு கலந்துவிட்டதா? எழுத்துப்பூர்வமான காரணம் கிடைத்தால் திருத்தலாம், அல்லது அந்தத் துண்டுக்குப் பதிலாகத் தற்செயலாக இன்னொன்றை எடுக்கலாம். காரணம் கிடைக்காவிட்டால் எண் அப்படியே இருக்க வேண்டும், தீர்ப்பும் அப்படியே. எண்களை நீக்கும் விதி சோதனைக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால் இந்த இடத்தில் யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியிருக்காது.

அளவீடுகள் இயல்நிலைப் பரவலில் இருக்கின்றனவா என்று 27 துண்டுகளை வைத்தே சோதித்துவிடலாமா?

பெரிய கோளாறுகள் மட்டுமே தெரியும். இரண்டு கும்பல், ஒரு தனிப் புள்ளி, ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்த வடிவம் ஆகியவற்றை இயல்நிலை நிகழ்தகவு வரைபடம் காட்டிக்கொடுக்கும். ஆனால் நம் தீர்ப்பு நிற்பது கீழ் நுனியின் கடைசி ஓரிரு சதவீதத்தில். 27 துண்டுகளில் 1 சதவீதம் என்பது ஒரு துண்டின் கால் பங்கு. அந்தப் பகுதியிலிருந்து நமக்கு அனேகமாக ஒரு துண்டுகூட வந்திருக்காது. வந்திராத இடத்தின் வடிவத்தைச் சோதிக்க முடியாது.

எனவே இயல்நிலைப் பரவலுக்கான ஆதாரம் முந்தைய தொகுதிகளிலிருந்து வர வேண்டும். ஒரே தயாரிப்பு முறையில் வந்த சில நூறு அளவீடுகளைச் சேர்த்து வரைந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் சராசரியையும் கழித்துவிட்டு, எஞ்சிய விலகல்களை மட்டும் சேர்ப்பது நல்லது.

கயிறு போன்ற பொருளில் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் முடியும். கயிறு அதன் மிகப் பலவீனமான இடத்தில்தான் அறுபடும். எனவே வலிமைப் பரவல் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாக நீண்ட வால் கொண்டிருக்கும். அது நடந்தால் 1 சதவீதம் என்று நாம் நினைக்கும் இடத்தில் உண்மையில் 2 அல்லது 3 சதவீதம் தேறாதவை இருக்கலாம். அபாயம் முழுவதும் வாங்குபவர் பக்கம் விழும். அந்தச் சாய்வு மீண்டும் மீண்டும் தெரிந்தால் அளவீடுகளைத் தகுந்த முறையில் உருமாற்றி, எல்லையையும் அதே முறையில் உருமாற்றிக் கணக்கிடலாம். உருமாற்றமும் பொருந்தவில்லை என்றால் எண்ணிக்கை முறைக்குத் திரும்புவதே நேர்மை.

விற்பவர் ஏற்கெனவே பலவீனமானவற்றைப் பொறுக்கி நீக்கிவிட்டுத்தான் அனுப்புகிறார். அப்போது?

இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். பொறுக்கி நீக்கிய சரக்கின் பரவல் 800-இல் கத்தரித்தது போல் நின்றுவிடும், கீழே வால் இருக்காது. ஆனால் கணக்கு வால் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். தேறாதது ஒன்றுகூட இல்லாத தொகுதியை அது மறுத்துவிடலாம். கயிற்றில் இது அரிது, ஏனென்றால் சோதித்தால் அறுந்துவிடும். எடை, விட்டம், மின்தடை போல அழிக்காமல் அளக்கக்கூடியவற்றில் இது அடிக்கடி நேரும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

மாதிரியிலேயே ஒரு துண்டு 795-இல் அறுந்தது, ஆனால் Q 1.81-ஐத் தாண்டிவிட்டது. ஏற்கலாமா?

திட்டப்படி ஏற்கலாம். 1 சதவீதம் வரை தேறாதவை இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அவற்றில் ஒன்று கையில் சிக்கியது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை. சிலர் "மாதிரியில் ஒன்றும் 800-க்குக் கீழே இருக்கக்கூடாது" என்று ஒரு வரியைச் சேர்க்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் அப்போது அது வேறு திட்டம். 1 சதவீதம் தேறாத நல்ல தொகுதியிலிருந்து 27 துண்டுகளை எடுத்தால் அதில் ஒன்றாவது தேறாமல் போவதற்கு 24 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே விற்பவருக்கு நாம் வாக்களித்த 95 சதவீதம் 76-க்கும் கீழே போய்விடும். அந்த வரியைச் சேர்ப்பவர் இதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

தொகுதி 500 துண்டுகளா, 50,000 துண்டுகளா என்பது எங்குமே வரவில்லையே?

வராது. தொகுதி மாதிரியை விடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் வரை இரண்டு அபாயங்களும் n, k இரண்டையும் மட்டுமே சார்ந்தவை. தர ஆவணங்களின் அட்டவணைகளில் தொகுதி பெரிதாகும்போது மாதிரியும் பெரிதாவதைப் பார்த்திருப்பீர்கள். அது கணிதத்தின் கட்டாயம் அல்ல. பெரிய தொகுதியில் தவறான தீர்ப்பின் இழப்பும் பெரிது என்பதால் செய்த ஏற்பாடு.

நாமே கணக்கிட வேண்டுமா, அட்டவணைகள் கிடையாதா?

இருக்கின்றன. அமெரிக்க இராணுவத் தரமான மில்-எஸ்டிடி-414, 1957-இல் வெளிவந்தது. அதற்குக் கணித அடித்தளம் இட்டவர்கள் லீபர்மேனும் ரெஸ்னிகாஃபும். பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 3951. இவை தொடர்ந்து வரும் தொகுதிகளுக்காக எழுதப்பட்டவை. தரம் சரிந்தால் கடுமையான ஆய்வுக்கு மாறும் விதிகளும் அவற்றில் உண்டு. அந்த மாற்றும் விதிகளை விட்டுவிட்டு அட்டவணையிலிருந்து ஒரு n, ஒரு k மட்டும் எடுத்துக்கொள்வது அரைகுறை வேலை, வாங்குபவருக்கான பாதுகாப்பு பெரும்பாலும் அந்த விதிகளில்தான் இருக்கிறது. தனித்து வரும் ஒரே தொகுதிக்கு மேலே காட்டியபடி இரண்டு புள்ளிகளை வைத்து நீங்களே வடிவமைப்பது நல்லது.

மேலும் கீழும் இரண்டு எல்லைகள் இருந்தால் இரண்டு பக்கமும் 1.81 வைத்துப் பார்த்தால் ஆயிற்றா?

இரண்டு பக்கத் தேறாமைக்கும் தனித்தனி வரம்பு வைத்திருந்தால் ஆயிற்று. மொத்தம் இத்தனை சதவீதம் என்று ஒரே வரம்பு இருந்தால் ஆகாது. இரு பக்கமும் சற்றே தேறிய தொகுதியில் இரண்டு வால்களும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடலாம். அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் தேறாத விகிதத்தை மதிப்பிட்டுக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை ஓர் உச்சவரம்போடு ஒப்பிடும் முறை தேவை.

அளக்கும் கருவியின் தடுமாற்றம் இதில் சேருமா?

சேரும், விற்பவரின் கணக்கில் போய்ச் சேரும். கயிற்றின் உண்மையான சிதறல் 29, கருவியின் சிதறல் 15 என்றால் நாம் காணும் s இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம், அதாவது 32.6. முதல் தொகுதியின் 61 நியூட்டன் இடைவெளிக்கு Q 2.10-இலிருந்து 1.87-க்கு இறங்கிவிடும். துண்டை மாட்டும் பிடிப்பு வழுக்கினாலோ, பிடிப்பின் விளிம்பிலேயே கயிறு அறுந்தாலோ சராசரியும் சேர்ந்து இறங்கும். அறுந்த இடம் பிடிப்பை ஒட்டி இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே குறித்துவையுங்கள். பாதிக்கு மேல் பிடிப்பை ஒட்டி அறுந்திருந்தால் நீங்கள் கயிற்றைச் சோதிக்கவில்லை, பிடிப்பைச் சோதித்திருக்கிறீர்கள்.

Q = 1.79 வந்தது. ஒரு மயிரிழைதான் குறைவு. இன்னொரு 27 எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

அதற்கான விதி முன்பே எழுதப்பட்டிருந்தால் தவிர, கூடாது. 5 சதவீதம் தேறாத தொகுதி ஒரே முயற்சியில் ஏற்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம். மறுக்கப்படும்போதெல்லாம் இன்னொரு முறை முயலலாம் என்றால் அது 54 சதவீதம் ஆகிறது. மூன்றாவது முறையும் உண்டு என்றால் 69. திட்டம் காகிதத்தில் அப்படியே இருக்கும், கிடங்குக்குள் போகும் சரக்கு மட்டும் வேறாக இருக்கும்.

மயிரிழைத் தொகுதிகள் அடிக்கடி வருகின்றன என்றால் சரக்கின் உண்மையான தரம் 3.5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது என்று பொருள். கடைசிப் பத்துத் தொகுதிகளின் x̄, s இரண்டையும் தனித்தனியே வரிசையாக வரைந்து விற்பவருக்கு அனுப்புங்கள். சராசரி இறங்கியிருந்தால் நூலின் தரத்தையோ முறுக்கின் அளவையோ அவர் பார்க்க வேண்டும். சிதறல் ஏறியிருந்தால் இயந்திரங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.